வாயேஜர் 2 சிக்னல் வர 18 மணி நேரத்துக்கு மேல ஏன், அது பூமில எப்படி கேக்குது?

கேள்வி: வாயேஜர் மாதிரி ரொம்ப தூரத்துல இருக்கற விண்கலத்துல இருந்து சிக்னல் வர ஏன் இத்தனை மணி நேரம் ஆகுது? அவ்ளோ சின்ன சிக்னலை எப்படிப் புடிக்கறாங்க?

ரேடியோ அலையும் வெளிச்சமும் ஒரே ஜாதிதாங்க, ரெண்டும் ஒரு செகண்டுக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும், அதுக்கு மேல வேகமா எதுவும் போகாது. நிலாவுக்குன்னா ஒரு செகண்டை விடக் கொஞ்சம் கூட, செவ்வாய்க்கு அது இருக்கற இடத்தைப் பொறுத்து 3 நிமிஷத்துல இருந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும். வாயேஜர் 2 2023 ஜூலைல இருந்த தூரம் சுமார் 1,990 கோடி கிலோமீட்டர். அதை 3 லட்சத்தால வகுத்துப் பாருங்க, 66,000 செகண்டுக்கு மேல வரும், அதாவது பதினெட்டரை மணி நேரம். பதில் வரணும்னா இன்னொரு பதினெட்டரை, மொத்தம் 37 மணி நேரம்.

அந்த ஜூலை மாசத்தைப் பத்தி சொன்னா உங்க ரெண்டு கேள்விக்கும் சேத்தே பதில் கிடைச்சிடும். ஜூலை 21 அன்னிக்கு அனுப்பின கட்டளைகள்ல ஒரு தப்பு, அதனால வாயேஜர் 2-ஓட ஆண்டெனா பூமியை விட்டு 2 டிகிரி திரும்பிடுச்சு. ரெண்டே டிகிரிதானேன்னு தோணும். ஆனா அதுல இருக்கறது 3.7 மீட்டர் டிஷ், அது அனுப்பற பீம் ஒரு டிகிரி கூட அகலம் கிடையாது. அந்த ஒல்லியான பீமே நம்மகிட்ட வந்து சேரும்போது 17 கோடி கிலோமீட்டருக்கு மேல விரிஞ்சிருக்கும், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல உள்ள தூரத்தை விட அதிகம். அதுவே 2 டிகிரி விலகினா பீமோட நடுப்பகுதி பூமிலருந்து 70 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போயிடுது. சிக்னல் நின்னு போச்சு.

சரியா பூமியப் பாத்து இருக்கும்போதே நிலைமை எப்படின்னா, அங்க டிரான்ஸ்மிட்டரோட பவர் 20 வாட் சொச்சம், நம்ம வீட்டு எல்இடி டியூப் லைட் அளவு. பீம் அவ்ளோ விரிஞ்சு வர்றதால ஆஸ்திரேலியால கான்பெரா பக்கத்துல இருக்கற 70 மீட்டர் டிஷ்ல (பேரு DSS-43, பரப்பு 95 சென்ட் நிலம் இருக்கும்) விழறது, ஒரு வாட்டை நூறு கோடியால வகுத்து, வந்ததை மறுபடி நூறு கோடியால வகுத்தா எவ்ளோ வருமோ அதை விடவும் கம்மி. அவ்ளோ பெரிய டிஷ் எதுக்குன்னா, மழைத் தண்ணி புடிக்க அகலமான அண்டா வைக்கற மாதிரிதான், எவ்ளோ பரப்போ அவ்ளோ சேரும்.

ஆனா டிஷ் மட்டும் பெருசா இருந்தா பத்தாது. சூடா இருக்கற எந்தப் பொருளும் தானாவே ரேடியோ இரைச்சல் போடும், ரிசீவருக்குள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான், அந்த இரைச்சல்ல சிக்னல் முழுகிடக் கூடாதுன்னு அதை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் பக்கத்துக்குக் குளிர வைக்கறாங்க. அதுக்கப்புறம் நிதானமாப் பேசணும். 1979-ல வியாழன்லருந்து செகண்டுக்கு 1,15,200 பிட் அனுப்பின கலம் இப்போ 160 பிட்தான் அனுப்புது, ஏன்னா ஒவ்வொரு பிட்டுக்கும் அதிக நேரம் குடுத்தாதான் இரைச்சலைத் தாண்டித் தெரியற அளவுக்கு சக்தி சேரும். எனக்கு இதுலயே ரொம்பப் புடிச்ச விஷயம் இதுதான், தூரம் கூடக் கூட கேக்க முடியாமப் போறதில்ல, மெதுவாக் கேக்க வேண்டியிருக்கு, அவ்ளோதான்.

இப்போ மறுபடி 2023. பல ஆண்டெனாவைச் சேத்துக் கேட்டுப் பாத்ததுல ஆகஸ்ட் 1 அன்னிக்கு கேரியர் மட்டும் தெரிஞ்சுது. கேரியர்னா தகவல் ஏத்தாத வெறும் அலை. அதோட சக்தி எல்லாம் ஒரே ஃப்ரீக்வன்சில குவிஞ்சிருக்கறதால தகவல் காணாமப் போனதுக்கு அப்புறமும் அதைக் கண்டுபுடிக்க முடியும். கலம் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுது, ஆனா டேட்டா எதுவும் படிக்க முடியல. அடுத்து கான்பெராவுல இருக்கற அதிக பவர் டிரான்ஸ்மிட்டரை வச்சு, ஆண்டெனாவத் திருப்புன்னு ஒரு கட்டளைய அனுப்பினாங்க, பக்கவாட்டுல கசியற துளியாவது அங்க கேக்கும்னு நம்பி. மத்த ஊர்லருந்து அனுப்ப வழியே இல்ல. 1989-ல நெப்டியூனைத் தாண்டினதுல இருந்து கலம் தெற்குப் பக்கமாப் போயிட்டிருக்கு, கலிஃபோர்னியாவுலயும் ஸ்பெயின்லயும் இருக்கற டிஷ்ஷுக்கு அது அடிவானத்துக்கு மேலயே வராது.

அனுப்பிட்டு 37 மணி நேரம் காத்திருந்தாங்க. ஆகஸ்ட் 4 டேட்டா வந்துடுச்சு, கட்டளை போய்ச் சேர்ந்து கலம் திரும்பியிருக்கு. ஒருவேளை கேக்காமப் போயிருந்தாலும் அக்டோபர் 15 அன்னிக்கு அது தானாவே பூமியைத் தேடித் திரும்பற மாதிரி முன்னாடியே புரோகிராம் பண்ணி வச்சிருந்தாங்க. பதில் வர ஒன்றரை நாள் ஆகற தூரத்துல ரிமோட்ல ஓட்ட முடியாதுங்கறதால கலத்துக்குள்ளயே இப்படி வழி வச்சிருக்காங்க.

நேரம் இருந்தா நாசாவோட டிஷ் ஒவ்வொண்ணும் இப்போ எந்தக் கலத்தோட பேசுதுன்னு காட்டற DSN Now இணையப் பக்கத்தைத் திறந்து கான்பெராவுல 43-ஐ கிளிக் பண்ணிப் பாருங்க. VGR2-ன்னு போட்டிருந்தா அந்த நேரம் இந்தக் கலத்தோடதான் வேலை நடக்குது, ரிசீவ் ஆகற பவரும் போயிட்டு வர்ற நேரமும் கீழயே காட்டும்.