பதவி உயர்ந்து நான்கு மாதம்தான்: எடுக்கலாமா, விடலாமா?

குழு மேலாளர் பணிக்கு ஆள் தேடுகிறோம். ஒருவருக்கு அந்தப் பதவியில் நான்கு மாதம்தான் ஆகிறது. ஒதுக்கிவிடலாமா?

பதவிப் பெயர் மாறிய தேதி வேறு, வேலை மாறிய தேதி வேறு. வேலையைச் செய்துகாட்டிய பிறகு பதவி தருகிற நிறுவனங்களும் உண்டு. இடம் காலியானதும் கிடைத்தவரை உட்காரவைக்கிற நிறுவனங்களும் உண்டு. சுயவிவரம் இதைச் சொல்லாது. எனவே நேர்காணலில் நான் கேட்பது: "பதவி உயர்வுக்குப் பிறகு, அதுவரை செய்யாத எந்த வேலை உங்கள் கைக்கு வந்தது?"

ஒரு பெண் யோசிக்காமல் பதில் சொன்னார். மேலாளர் நீண்ட விடுப்பில் இருந்ததால் வேலைப் பங்கீடு, விடுப்பு அனுமதி, வாடிக்கையாளர் புகார் எல்லாம் ஓராண்டுக்கு மேலாக அவரிடமே இருந்தன. புதிதாக வந்தவை ஆண்டு மதிப்பீடும் சம்பளப் பரிந்துரையும். அதற்கான காலம் இன்னும் வராததால் அவை இரண்டையும் செய்ததில்லை என்றும் அவரே சொன்னார். எங்களுக்கு முதல் வாரத்திலேயே குழுவை நடத்த ஆள் வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக்குப் பல மாதங்கள் இருந்தன. எடுத்துக்கொண்டோம்.

அதே நான்கு மாதத்துடன் வந்த இன்னொருவர் "எல்லாமே மாறிவிட்டது" என்றார். அதுவரை தனியாக வேலை செய்தவர், இப்போது அவருக்குக் கீழே இருவர். திறமைசாலிதான், ஆனால் பன்னிரண்டு பேர் குழுவை அவரிடம் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"இரண்டு ஆண்டு கட்டாயம்" என்று விளம்பரத்திலேயே போட்டால் இந்தக் குழப்பமே வராதே?

பாதி சரி. ஆள் எடுப்பது, மதிப்பிடுவது, தான் எடுத்த முடிவின் விளைவைத் தானே சந்திப்பது என ஒரு சுற்று முடிய ஓராண்டாவது ஆகும். ஆனால் நீங்கள் எண்ணுவது பதவிப் பெயரின் வயதை. அதற்குப் பதில் எந்த வேலைகளைச் செய்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். ஆண்டுக்கணக்கைப் போட்டுவிட்டால் பிறகு ஒருவருக்காக மட்டும் தளர்த்தாதீர்கள். அதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவர்களுக்கு அது அநீதி.

நானும் மூன்று மாதம் முன்புதான் உயர்வு பெற்றேன். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சுயவிவரத்தில் மொத்தக் காலத்தையும் புதிய பதவியிலேயே காட்டலாமா?

வேண்டாம். பணி விவரச் சரிபார்ப்பில் தேதி வெளிவந்தால் கையிலிருக்கும் வாய்ப்பும் போகும். நிறுவனத்தின் பெயரையும் மொத்தக் காலத்தையும் ஒரே இடத்தில் எழுதி, அதன் கீழ் இரு பதவிகளையும் தேதியோடு போடுங்கள். தனித்தனியாக எழுதினால், அவசரமாகப் படிப்பவர் நீங்கள் வேலை மாறியதாகவே எடுத்துக்கொள்வார். மேலாளர் வேலையைப் பழைய பதவியிலேயே செய்திருந்தால் அதை அங்கேயே சொல்லுங்கள்.

உயர்வு கிடைத்த கையோடு ஏன் வெளியேற வேண்டும்? அதுவே சந்தேகம்தானே?

சம்பளம் ஏறாமல் பெயர் மட்டும் ஏறியிருக்கலாம். உயர்த்திய அதிகாரி போயிருக்கலாம். பொறுப்பு தாங்காமலும் இருக்கலாம். நேரடியாகக் கேளுங்கள். பழைய அதிகாரி ஒருவரிடம் பேச விண்ணப்பதாரரின் அனுமதியையும் வாங்குங்கள். அவருக்குத் தெரியாமல் இப்போதைய அலுவலகத்தை அழைக்கவே கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் சிலர் விஷயத்தில் உண்மைக் காரணம் எனக்குப் பிடிபட்டதில்லை. அப்போது வேலையைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் வைத்தே முடிவெடுக்கிறேன்.