எந்த வேலையை எந்தப் பிரிவு செய்கிறது என்று காட்டும் ஸ்விம்லேன் படம் கேட்கிறார்கள், எங்கே தொடங்குவது?

படம் வரைய draw.io-வை இப்போதே திறந்து வைத்திருப்பீர்கள். மூடிவிடுங்கள். நான் பிழைவிட்டதும் அங்கேதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனம், பெயர் வேண்டாம். கொள்வனவு நடக்கும் முறையை வரையச் சொன்னார்கள். கூட்டத்தில் கேட்டதை வைத்து இரண்டு நாளில் பிரிவுக்கு ஒரு பாதையாக ஐந்து பாதை, ஐந்து நிறம் என்று முடித்தேன். களஞ்சியத்து அண்ணை பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்குத் தம்பி, ஆனா இஞ்ச இப்பிடி ஒண்டும் நடக்கிறேல்லை” என்றார். பிறகு பிரின்டர் டோனர் வாங்கிய பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் தந்தார்.

அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு கையொப்பத்தையும் திகதி முத்திரையையும் ஒவ்வொரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி, மேசையில் வரிசையாக ஒட்டினோம். என் படத்தில் ‘அனுமதி’ என்று ஒரே பெட்டி, கணக்குப் பிரிவின் பாதையில். கோப்பிலோ இரண்டு வேலை: ஒதுக்கீட்டில் காசு இருக்கிறதா என்று கணக்குப் பிரிவு பார்க்கிறது, முகாமையாளர் கையொப்பமிடுகிறார். ஒரு பெட்டி இரண்டு பாதைக்கும் சொந்தம் என்று தோன்றினால் அது இரண்டு பெட்டி. யார் பொறுப்பு என்று பார்த்து வைக்காதீர்கள், யாருடைய கை அந்த வேலையைச் செய்கிறதோ அந்தப் பாதையில் வையுங்கள்.

பிரித்துப் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வேலையும் பத்துப் பத்து நிமிடம்தான். ஆனால் கணக்கிலிருந்து முகாமையாளரின் பாதைக்குப் போகும் அந்த ஒரு அம்புக்குறியில் கோப்பு ஆறு நாள் கிடந்திருக்கிறது. எடுத்துப் போவது யார் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. அதனால் பாதைக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு அம்பின் மேலும் முத்திரைத் திகதிகளைக் கழித்து வந்த நாட்களை எழுதினேன்.

‘காசு இருக்கிறதா?’ என்ற கேள்விச் சாய்சதுரத்திலிருந்து ‘ஆம்’ மட்டும் வெளியே போனது. ‘இல்லை’க்கு அம்பே இல்லை. விசாரித்தால், அப்படியான கோப்பு கணக்குப் பிரிவின் மேசையிலேயே கிடக்குமாம், கேட்டவருக்குத் தகவல் போகாது. சாய்சதுரத்தின் எல்லா வாசலும் எங்காவது போய் முடிகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

பாதைக்குப் பதவிப் பெயரைப் போடுங்கள், ஆளின் பெயரைப் போட்டால் அவர் மாறும்போது படமும் போச்சு. BPMN என்ற குறியீட்டு முறையைப் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். விநியோகஸ்தரைக் குளம் எனும் தனிக் கட்டத்தில் வைத்து, துண்டுக் கோட்டு அம்பால்தான் இணைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அலுவலகச் சுவரில் ஒட்டப் பெட்டி, சாய்சதுரம், அம்பு போதும்.

கடைசியில் என்னை அழவைத்தது படம் இல்லை, பாமினி. பிரிவுப் பெயர்களை அந்தப் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பியிருந்தார்கள். ஒட்டினால் கணக்கு என்பது `fzf;F` என்று வந்தது. அத்தனை பெட்டியையும் யுனிகோடில் திரும்ப அடித்தேன். சரி, அடுத்த மாதமாவது மாறுவார்கள் என்று பார்த்தால், திருத்தப் பட்டியலும் பாமினியில்தான் வந்தது.