துவைத்த துண்டு ஏன் நாறுகிறது?

கேள்வி: தேவகோட்டையில் பழைய வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷின், வாங்கி மூன்று வருடமாகிறது. துண்டுகள் காய்ந்திருக்கும்போது வாடையே இல்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டினால் முடைநாற்றம். அடுப்படித் துணியும் அப்படித்தான், வெயிலில் போட்டும் போகவில்லை. இரவு படுக்கும்போது மெஷினைப் போட்டுவிட்டுக் காலையில் எடுக்கிறோம். எப்போதும் பச்சைத் தண்ணீர், அரை மணி நேர ஓட்டம், சலவைத் திரவம், வாசனைத் திரவம். வந்து பார்த்த மெக்கானிக் மெஷினையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டாம். புது மெஷின் வாங்கினால் இந்தத் துண்டுகளே அதற்கும் நாற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

காய்ந்தபின் மறைந்து, நனைந்ததும் எழுகிற வாடைக்கு முக்கியக் காரணம் ஒரு பாக்டீரியா. அதன் பெயர் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ். ஈரத்துணி நாற்றத்துக்கு இதுவே காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். நம் உடம்பின் எண்ணெய்ப்பசை, செதில், வியர்வை ஆகியவற்றில் துவைத்தபின்னும் நூலில் தங்குகிற மிச்சத்தை இது தின்கிறது. தின்று வெளியேற்றுகிற கொழுப்பு அமிலம்தான் உங்கள் மூக்கில் ஏறுகிறது. வாசனைத் திரவம் அந்த அமிலத்தின் மேல் மல்லிகைப்பூ வைக்கிற வேலையை மட்டுமே செய்யும். போதாக்குறைக்கு, துண்டின் நூலில் ஒரு மெழுகுப் படலத்தையும் விட்டுப் போகும். அதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

வெயில் ஏன் உதவவில்லை என்பதுதான் பலருக்கும் புதிராக இருக்கிறது. உங்கள் ஊர் வெயிலுக்கு என்ன குறை? ஆனால் இந்த பாக்டீரியா உலர்வையும் புறஊதாக் கதிரையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. காய்ந்த துணியில் அது சாவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் பட்டதும் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. வெயில் அதைப் பெருகவிடாமல் தடுக்கும், ஏற்கெனவே குடியேறியதைத் துரத்தாது. துரத்துவதற்கு இரண்டே வழி: நல்ல சூடு, அல்லது ஆக்சிஜன் விடும் வெளுப்பான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நிச்சயம்.

மெஷினில் கை வைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். சோப்பு போட்டு அலசிய இரண்டு பருத்திக் கைக்குட்டைகளைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். ஒன்றை வாளியில் கையால் அலசுங்கள். மற்றதை மெஷினில் வழக்கமான துணிகளோடு போடுங்கள். இரண்டையும் நன்றாகக் காயவைத்து, பிறகு லேசாக நனைத்து, தனித்தனி டப்பாவில் மூடி அரை நாள் விட்டு முகர்ந்து பாருங்கள். மெஷினில் போனது மட்டும் நாறினால், தொற்று மெஷின் வழியாகவும் கூடப்போன துணிகள் வழியாகவும் பரவுகிறது. இரண்டும் நாறாவிட்டால், கொதிக்கவைக்காத பழைய துண்டுகளில்தான் குடியிருப்பு. உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பார்த்தால் முதல் முடிவைத்தான் எதிர்பார்க்கிறேன். எண்ணெய்ப் பிசுக்கான அடுப்படித் துணியும் குளியல் துண்டும் ஒரே பச்சைத் தண்ணீரில் சுற்றி, இரவெல்லாம் மூடிய டிரம்மில் கிடக்கின்றன. எனவே துணியையும் மெஷினையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை இந்த வாரமும் மற்றதை அடுத்த வாரமும் செய்தால் இரண்டும் மாற்றி மாற்றித் தொற்றிக்கொள்ளும்.

வாங்க வேண்டிய பொருள் ஒன்றுதான்: சோடியம் பெர்கார்பனேட். வெள்ளைத் தூள், இணையத்தில் கிடைக்கும். வெந்நீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும். பளபளப்பான உறையில் வரும் ‘டிரம் கிளீனர்’ தூள்கள் சிலவற்றிலும் இதுவே முக்கியச் சரக்கு. உறையில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் சிட்ரிக் அமிலம் மட்டும் உள்ள தூள் உப்புப் படிவை நீக்கும், இந்த நாற்றத்துக்கு அது மருந்தல்ல.

காலையில் முதலில் மெஷின். மின்இணைப்பை எடுத்துவிட்டு, கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரித்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒரு கசடு இருக்கும். அதுதான் கிருமிகளின் வீடு. கையுறை போட்டுக்கொண்டு, அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தூளைக் கரைத்து, துணியில் நனைத்து வழித்தெடுங்கள். ரப்பரில் ஏறிய கருப்புக் கறை முழுவதும் போகாமல் இருக்கலாம். வழவழப்பு போனால் போதும், கறைக்காக ரப்பரை மாற்ற வேண்டியதில்லை. சோப்புத் தட்டை வெளியே இழுத்துக் கழுவுங்கள், குறிப்பாக வாசனைத் திரவம் ஊற்றும் குழியை. பிறகு மெஷினின் அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் வடிகட்டி இருக்கும். தாம்பாளம் ஒன்றை வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள், தேங்கிய தண்ணீர் கொட்டும். காசு, கொண்டை ஊசி, அடுப்படித் துணியோடு வந்த கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் ஊறிக் கிடப்பதைப் பார்த்தால் மெக்கானிக் மீது உங்களுக்கே கோபம் வரும்.

இப்போது காலி டிரம்மில் 100 கிராம் தூளைப் போட்டு, ‘டப் கிளீன்’ ஓட்டத்தை விடுங்கள். அது இல்லாவிட்டால் பருத்திக்கான நீண்ட ஓட்டத்தை 60 டிகிரியில் வையுங்கள். பாதியில் கதவுக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். அது சூடாக இருக்க வேண்டும். நீண்ட ஓட்டத்திலும் கண்ணாடி குளிர்ந்தே இருந்தால் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது மாற்ற வேண்டியது ஹீட்டரைத்தான், மெஷினை அல்ல. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஓட்டம் முடிந்தபின் சாம்பல் பொருக்குகள் தெரிந்தால் இன்னொரு முறை விடுங்கள். மூன்று முறைக்குப் பிறகும் கரும்பொருக்கு வந்துகொண்டே இருந்தால் மட்டும், டிரம்மைக் கழற்றிக் கழுவும் சேவைக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு.

அது ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் துணிகளை ஊறவைக்கலாம். கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சம அளவு கலந்தால் ஏறத்தாழ 60 டிகிரி வரும். லிட்டருக்கு 10 கிராம் தூள். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ போதும். அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும். வாளியை இறுக மூடவும் கூடாது, வாயு வெளியேற வேண்டும். அடுப்படித் துணியை முதலில் பாத்திர சோப்பு போட்டுக் கசக்கி எண்ணெயை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் அதற்கடியில் பதுங்கியவை தப்பித்துவிடும். ஒரு மணி நேரம் ஊறியதும், சுத்தமான மெஷினில் 60 டிகிரியில் அலசி எடுங்கள். இது வெள்ளை, வெளிர்நிறப் பருத்திக்கு மட்டும். பட்டு, கம்பளி இரண்டும் இதைத் தாங்காது. கண்டாங்கிச் சேலைகளை இந்த வாளிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இனிமேல் துண்டும் உள்ளாடையும் வாரம் ஒரு முறையாவது 60 டிகிரியில் போகட்டும். அடுப்படித் துணி அவற்றோடு சேராமல் தனியாகப் போகட்டும், அல்லது தினமும் இரவில் கொதிக்கவிட்டுக் கொடியில் விரித்துவிடுங்கள். சுருட்டி மேடையில் வைத்த துணியை எந்தத் தூளும் காப்பாற்றாது. இரவு ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றி, முடிந்ததும் எடுத்து, மதியத்துக்குள் காயும்படி ஒற்றை மடிப்பில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்விசிறிக்கு அடியில் காயவையுங்கள். மெஷின் கதவும் சோப்புத் தட்டும் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

சோப்பைக் குறைத்தால் வாடை போகும் என்று சொல்கிறார்கள். மென்மையான தண்ணீருக்கு அது சரி. போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் சோப்பின் ஒரு பங்கை உப்பே விழுங்கிவிடும். மேலும் குறைத்தால் அழுக்கு நூலிலேயே தங்கும். உறையில் கடின நீருக்குச் சொன்ன அளவைப் போடுங்கள். திரவத்தை விட, ஆக்சிஜன் வெளுப்பான் கலந்த தூள் உங்களுக்கு நல்லது. திரவத்தில் அது நிலைக்காது என்பதால் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

உப்புப் படிவுக்கு எப்போதாவது சிட்ரிக் அமிலம் போடலாம், ஆனால் வேறொரு நாளில். பெர்கார்பனேட்டோடு சேர்த்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். குளோரின் பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அமிலம் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக் கல்லின் பளபளப்பை அது தின்றுவிடும். கல்லை மாற்றுகிற செலவு மெஷினை விடப் பெரிது!

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் இருக்கிறோம். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வரும்போதெல்லாம், மேலே திறக்கும் மெஷினில் முதல் துவைப்பு நாறுகிறது. சில நேரம் துணி போடாமலே நாற்றம் வருகிறது. என்ன செய்வது? (சென்னை வாசகர்)

பதில்: துணி போடாமலே வருவது சாக்கடை வாடையா, மக்கிய வாடையா என்று முதலில் பிரித்தறியுங்கள். சாக்கடை வாடை என்றால் குற்றம் வடிகுழாயில். குழாயின் முனை சாக்கடைக்குள் ஆழச் செருகியிருந்தால், அந்தக் காற்று நேரே மெஷினுக்குள் ஏறும். முனையை வெளியே எடுத்து, சாக்கடைத் தண்ணீரில் படாமல் மேலே நிற்கும்படி கட்டுங்கள்.

மக்கிய வாடை என்றால், கண்ணுக்குத் தெரியும் உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையில் படிந்த கசடுதான் காரணம். மேலே திறக்கும் மெஷின் பலவற்றில் ஹீட்டர் கிடையாது, ஆகவே வெந்நீரை நீங்கள்தான் ஊற்ற வேண்டும். 50 டிகிரி போதும், கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் பாகங்கள் கெடலாம். தொட்டியை உச்சி மட்டம் வரை நிரப்பி, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் பெர்கார்பனேட் போடுங்கள். 50 லிட்டர் பிடித்தால் அரைக் கிலோ. ஐந்து நிமிடம் சுற்றவிட்டு நிறுத்தி, சில மணி நேரம் ஊறவிடுங்கள். மிதந்து வரும் பொருக்குகளை டீ வடிகட்டியால் அள்ளி எறிந்துவிட்டு மறுபடி சுற்றவிடுங்கள். அள்ளாமல் வடித்தால் அவை திரும்பவும் உள்ளேயே ஒட்டும். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பஞ்சு பிடிக்கும் பையைக் கழற்றிக் கழுவுங்கள். கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் கடைசித் துவைப்பை முந்தின நாளே முடித்துவிடுங்கள். தண்ணீர்க் குழாயை மூடி, வடிகுழாயைத் தரைமட்டத்துக்கு இறக்கித் தங்கிய நீரை வடியவிட்டு, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். எலி நுழையும் என்று பயந்தால் மூடிக்குப் பதிலாக மெல்லிய கம்பி வலை ஒன்றைப் போட்டுக் கட்டலாம். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கூட்டிப் பெருக்க வரும்போது அதன் மேல் தட்டுமுட்டுச் சாமான் எதையும் அடுக்கிவிடாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.