மழையில் தடயம், தோட்டத்தில் கூட்டம்

"கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். செடிகளுக்கு நடுவே ஒருவர் வெட்டுக்காயத்தோடு கிடந்தால், போலீஸ் மலையேறி வரும்வரை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? மழை பெய்தால் என்ன செய்வது?"

முதலில் உயிர். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒருவர் போங்கள். மற்றவர்கள் ரோட்டிலேயே நின்று 108-க்கும் 112-க்கும் சொல்லட்டும். வெட்டியவர் வந்துபோனது பெரும்பாலும் நடைபாதை வழியாகத்தான் இருக்கும். அதனால் அதைவிட்டு, செடிகளுக்கு இடையே வேறொரு வரிசையில் நுழைந்து, அதே தடத்தில் திரும்புங்கள்.

உயிர் இருந்தால் காப்பாற்றுவதில் தயங்க வேண்டாம், தடயம் கெட்டாலும் பரவாயில்லை. உடம்பில் கத்தி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், ரத்தம் பீறிடும். சட்டையை வெட்ட நேர்ந்தால் கத்தி துளைத்த ஓட்டை வழியாக வெட்டாமல் தள்ளி வெட்டுங்கள். என்ன ஆயுதம் என்பதற்கு அந்த ஓட்டையே சாட்சி. ஈரச் சட்டையை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து டிஎன்ஏ சிதையும். காகிதப் பையில் போட்டுக் கொடுங்கள்.

இறந்துவிட்டார் என்று தெளிவாகத் தெரிந்தால் கை வைக்க எதுவுமில்லை. நம் ஊரில் முதலில் செய்வது கம்பளியால் மூடுவதுதான். மரியாதைக்காகச் செய்வது, மனசு புரிகிறது. ஆனால் அந்தக் கம்பளியின் இழைகள் உடலில் ஒட்டும்; உடலில் இருந்த கொலையாளியின் முடியோ நூலோ கம்பளியோடு போய்விடும். பக்கத்தில் கிடக்கும் கவாத்துக் கத்தியை எடுத்து ஓரமாக வைப்பதும், அடிக்கும் செல்போனை எடுத்துப் பேசுவதும் வேண்டாம்.

மழை வந்தால் செருப்புத் தடத்தின் மேல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பு தடத்தைத் தொடக்கூடாது. உடலுக்கு மேலே படுதா கட்டலாம், ஆனால் கம்புகளைத் தள்ளி நட்டு, உடலில் படாமல் உயரமாக. படுதாவின் தண்ணீர் சரிவின் கீழ்ப்பக்கம் வழியட்டும். மேல்பக்கம் ஊற்றினால் ரத்தத்தையும் மண்ணையும் அதுவே அடித்துக்கொண்டு போகும். நிறைய மிதிக்காமல் கட்ட முடியாது என்றால் கட்டவே வேண்டாம்.

தோட்டக்காரர்கள் கவனிக்காத ஒன்று அட்டை. அது கடித்த இடத்தில் ரத்தம் லேசில் உறையாது. கூட்டமாக நின்று பார்ப்பவர்களின் காலிலிருந்து சொட்டுவது அங்கேயே விழுந்து, யாருடைய ரத்தம் என்று ஆய்வகத்தைக் குழப்பும். வெற்றிலை எச்சிலும் பீடித்துண்டும் அப்படித்தான். எல்லோரையும் ரோட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நாய்களையும் விரட்டுங்கள்.

நீங்கள் எதையாவது தொட்டிருந்தால், நகர்த்தியிருந்தால், மறைக்காமல் அதிகாரியிடம் சொல்லுங்கள். அன்று போட்டிருந்த பூட்ஸையும் கழுவாமல் காட்டுங்கள். உங்கள் தடத்தை ஒதுக்கிய பிறகுதான் மிச்சமிருக்கும் தடம் யாருடையது என்று அவர்களால் தேட முடியும்.