பெரிய படத்தைத் துண்டாகத் திருத்தி ஒட்டுவது எப்படி?

“பத்துமலைப் படிக்கட்டைப் பல ஷாட்டாக எடுத்து இணைத்தேன், 12,000 பிக்சல் அகலம். குறுக்கே தொங்கும் கேபிளை ஏஐ வைத்து அழிக்க வேண்டும். துண்டாக வெட்டிச் செய்தால் ஒட்டிய இடத்தில் கோடு தெரிகிறது. ஏன்?”

துண்டு முழுவதையும் திருப்பி ஒட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பல ஏஐ மாடல்கள் துண்டைச் சுருக்கிக் குறியாக்கி, மறுபடி படமாக்கித் தருகின்றன. அதனால் நீங்கள் தொடாத இடத்திலும் நிறம் லேசாக மாறும், கிரெய்ன் மழுங்கும்.

1024 × 1024 அளவில் வெட்டுங்கள். கேபிள் நடுவில் வரட்டும், சுற்றிலும் 200 பிக்சலாவது பாறை இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் மாடல் வரையும். வெட்டிய இடத்தின் X, Y எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏஐ திருத்தித் தந்த துண்டை அதே எண்களில் தனி லேயராக வைத்து, `Difference` மோடுக்கு மாற்றுங்கள். கேபிள் தவிர மற்ற இடம் ஏறக்குறைய கறுப்பாகத் தெரிய வேண்டும். பாறை விளிம்புகள் கோட்டோவியம்போலத் தெரிந்தால் லேயர் நகர்ந்திருக்கிறது. சீரான சாம்பல் என்றால் நிறம்தான் மாறியிருக்கிறது, `Curves`-இல் சரிசெய்யுங்கள்.

அப்புறம் மோடை `Normal` ஆக்கி, மாஸ்க் போட்டு கேபிள் இருந்த பட்டையை மட்டும் காட்டுங்கள். விளிம்புக்கு 20 பிக்சல் ஃபெதர் போதும். மாஸ்க் விளிம்பு கரடுமுரடான சுண்ணாம்புப் பாறையில் விழுந்தால் கண்ணுக்கே படாது. வானத்தில் அப்படி இல்லை, அங்கே ஃபெதரை நன்றாகக் கூட்டி, கொஞ்சம் கிரெய்னும் சேருங்கள்.

அடுத்த துண்டை மூலப் படத்திலிருந்து எடுக்காதீர்கள், ஒட்டி முடித்த படத்திலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தில் பாறை வெடிப்புகள் பொருந்தாது.