படத்தில் 1896 என்று இருந்தால் வயது 130 ஆகிவிடுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் எங்கள் தாத்தா வீட்டு மச்சில் தேக்குச் சட்டம் போட்ட லட்சுமி படம் ஒன்று கிடைத்தது. கீழே ரவிவர்மா கையெழுத்தும் 1896 என்ற ஆண்டும் தெரிகிறது. பழைய சாமான் வாங்கும் ஒருவர், "இது அசல் ஆயில் பெயிண்டிங், 130 வருஷப் பழசு, கழுவிக் கொண்டுவந்து தருகிறேன்" என்கிறார். முழுப் படம், முகம் கிட்டத்தில், பின்பக்கம் என்று மூன்று போட்டோ அனுப்பியிருக்கிறேன். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இது கையால் வரைந்தது அல்ல, அச்சடித்தது. ஓலியோகிராஃப் என்பார்கள். பெரும்பாலும் 1896-க்கும் 1930-களின் முடிவுக்கும் இடைப்பட்டதாக இருக்கும். எதை வைத்துச் சொல்கிறேன் என்று பார்த்துவிட்டால், அடுத்து யார் வந்து என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த 1896. ரவிவர்மா மூலப்படத்தில் போட்ட கையெழுத்தும் ஆண்டும் படத்தோடு சேர்ந்தே அச்சாகிவிடும். அது ஓவியம் வரைந்த ஆண்டு. உங்கள் காகிதம் அச்சான ஆண்டு அல்ல. 1894-ல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம் சில ஆண்டுகளில் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது. பிறகு ஜெர்மன்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் கைக்கு மாறியது. 1906-ல் ரவிவர்மா காலமான பிறகும் பல பத்தாண்டுகள் அந்தப் படங்களை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே 1896 என்று போட்ட ஒரு லட்சுமி 1930-ல் அச்சானதாகவும் இருக்கலாம். ஆண்டைக் காட்டி விலை பேசுகிறவருக்கு இது தெரியாமல் இருக்காது.

அச்சுதான் என்று உங்கள் இரண்டாவது போட்டோவே சொல்லிவிடுகிறது. கன்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோலப்பொடியைத் தூவியதுபோல, வரிசை ஒழுங்கே இல்லாமல் சிவப்பு, மஞ்சள், பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. ஓலியோகிராஃப் கல்லில் அடிக்கும் அச்சு; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லில் புள்ளிகளைக் கையால் வைத்தார்கள், அதனால்தான் அவை ஒழுங்கில்லாமல் இருக்கின்றன. இன்றைய மாதக் காலண்டரை ஒரு லென்ஸில் பாருங்கள்; புள்ளிகள் எண்ணி வைத்ததுபோல் வரிசையாக, சின்னச் சின்ன வட்டப் பூக்களாகச் சேர்ந்து நிற்கும். அது ஆஃப்செட். கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். அதை போன் கேமரா மேல் ஒட்டிப் பிடித்து, கன்னம், கழுத்து, வானம் ஆகிய மூன்று இடங்களில் படமெடுங்கள். புடவையின் இருண்ட பகுதியை எடுக்காதீர்கள். மை அடர்ந்து புள்ளியே தெரியாது.

"தொட்டால் கான்வாஸ் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதே, இது எப்படி அச்சாகும்?" என்று உங்களிடம் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆயில் பெயிண்டிங் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஓலியோகிராஃப் செய்தார்கள். எண்ணெய் மையில் அடித்து, மேலே வார்னிஷ் பூசி, சில தாள்களில் துணி நெசவு போன்ற வரிகளையும் அழுத்திப் பதித்தார்கள். சிலவற்றை நிஜமான கான்வாஸ் துணியிலேயே ஒட்டினார்கள். ஆகவே தொட்டுப் பார்ப்பதும் பளபளப்பும் எதையும் நிரூபிக்காது. அறையை இருட்டாக்கி, படத்தின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடியுங்கள். அழுத்திப் பதித்த வரி முகம், வானம், தாமரை எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக ஓடும்; எதன் மேல் ஓடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. கையால் தீட்டிய வண்ணமோ கையின் வளைவோடு வளையும், நகையின் மினுக்கில் சற்றுத் தடித்து நிற்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் மறுபடி லென்ஸ்: வரியின் மேடு பள்ளம் இரண்டிலும் அதே கோலப்பொடிப் புள்ளிகள் தொடர்ந்தால் அச்சுதான், அதற்கு மேல் விவாதமே இல்லை.

இனி பின்பக்கம். பலகையில் ஒட்டிய மலையாளப் பத்திரிகையில் 1112 துலாம் என்று படிக்க முடிகிறது. அது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு; சிங்க மாதத்தில், நம் ஆவணியில், பிறக்கிறது. துலாம் மாதத்துக்கு 824 கூட்டினால் 1936, அக்டோபர்–நவம்பர். சட்டத்தை அதற்கு முன் அடித்திருக்க முடியாது. வீட்டில் கிடந்த பழைய பேப்பர் என்றால் சட்டம் ஓரிரு வருஷம் பிந்தியதாகவும் இருக்கலாம். படம் அதற்கு முன்பே வாங்கி வைத்ததாகவும் இருக்கலாம். நான் சொன்ன மேல் எல்லை இதிலிருந்து வந்தது.

ஆனால் பழைய சட்டத்துக்குள் புதுப் படத்தைச் செருகி விற்பதும் நடக்கிறது, ஆகவே ஆணிகளையும் பாருங்கள். உங்கள் போட்டோவில் ஆணியைச் சுற்றித் துருக்கறை பலகையில் ஊறியிருக்கிறது. பக்கத்தில் வேறு ஆணித் துளை எதுவும் இல்லை. சட்டத்தைத் திறந்ததே இல்லை என்று கொள்ளலாம். இரண்டு வரிசைத் துளை இருந்திருந்தால் பத்திரிகைத் தேதியை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கீழ் எல்லைக்குப் படத்தின் அடிவிளிம்பு வேண்டும். அச்சகத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்கள் படத்தில் அது சட்டத்துக்குள் மறைந்திருக்கிறது. பம்பாயின் காட்கோபர் என்று இருந்தால் தொடக்க ஆண்டுகள். மளவ்லி, கார்லா, லோனாவ்லா என்று இருந்தால் இடம் மாறிய பிறகு. அப்படி ஊர்ப்பெயர் இருந்தால் கீழ் எல்லை இன்னும் நெருக்கமாகும். பிரேம் கடைக்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி, படத்தைக் குப்புற வைத்து, குறட்டால் ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பாலக்காட்டு மழைக்காலம் வார்னிஷைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துவிடும். முன்னாலிருந்து பார்க்கும்போது நனைந்ததுபோல் கறுத்த திட்டுகள் தெரிந்தால் அங்கே ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளைத் தூக்காதீர்கள், மை கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கண்ணாடி வழியாகவே போட்டோ எடுத்தால் போதும். விளிம்பை மட்டும் யாரும் வெட்ட விடாதீர்கள். "ஓரம் கறுத்திருக்கிறது, வெட்டினால் அழகாக இருக்கும்" என்பார்கள். வெட்டினால் அச்சகத்தின் பெயர் போய்விடும். படம் என்ன, எப்போது என்று சொல்ல யாருக்கும் எதுவும் மிஞ்சாது.

கழுவித் தருகிறேன் என்பவரிடம் படம் போனால், திரும்பி வருவது உங்கள் படம்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? "சட்டத்தை மட்டும் கொடுங்கள்" என்பவருக்கு வேண்டியது தேக்கு. "கார்பன் டெஸ்ட் செய்து சர்டிஃபிகேட் தருகிறேன்" என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். நூறு வருஷக் காகிதத்துக்குக் கார்பன் முறை பத்தாண்டு கணக்கில் வயது சொல்லாது. "பழம்பொருள் வைத்திருந்தால் போலீஸ் கேஸ்" என்று பயமுறுத்துவதும் உண்டு. 1972 தொல்பொருள் சட்டம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுக்கிறது. ஓலியோகிராஃபைப் பூஜை அறையில் மாட்டுவதை அல்ல.

இதையெல்லாம் ஓர் அரசு அலுவலகத்தில் ஐந்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்திருக்க வேண்டும். கேட்டால் மனு எழுது, அடுத்த அலுவலகத்துக்குப் போ என்கிறார்கள். எல்லையோரத் தமிழ்க் குடும்பம் என்றால் மனுவின் மொழியே முதல் சிக்கல். அந்த இடைவெளியில்தான் சாமான் வாங்குபவர் நிபுணராகிவிடுகிறார்.

அடிவிளிம்பின் போட்டோ கிடைத்ததும் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள்.