இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய குர்தா லேபிளில் தொட்டிக்குள் 40, இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி. துணி பருத்திதானே, ஏன் ஒரே புள்ளி?

பதில்: லேபிளை முழுக்கப் படியுங்கள், பாலியஸ்டர் கலந்திருக்கும். கலப்புத் துணியில் சூடு தாங்காத இழைக்குத்தான் குறி போடுவார்கள்.

தொட்டி எண் தண்ணீரின் உச்சபட்ச வெப்பம். 40 என்றால் அதற்குக் கீழே எதுவும் சரி. கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீரில் துவைத்தால் அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். சுடுநீர் உள்ள டோபி கடையில் மட்டும் பட்டனைப் பார்த்து அழுத்துங்கள். தொட்டிக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையான சுற்று. தொட்டிக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். பட்டுக்கு பெரும்பாலும் அதுதான்.

உண்மையில் துணி கெடுவது இஸ்திரியில். ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு சுமார் 150, மூன்று சுமார் 200. சுத்தப் பருத்தி மூன்றைத் தாங்கும், பட்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு புள்ளித் துணிக்கு நீராவியும் கூடாது.

உங்கள் குர்தாவை உள்பக்கம் திருப்பி, தையல் ஓரத்தில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். பெட்டி வழுக்காமல் இழுத்துப் பிடித்தால் சூடு அதிகம், உடனே எடுங்கள். பாலியஸ்டர் உருகிப் பளபளத்துவிட்டால் திரும்ப வராது (என் கறுப்புச் சிலுவாரில் இன்றும் அந்தத் தடம் இருக்கிறது). அப்புறம், குர்தாவை முதலில் தேய்த்துவிட்டு வேட்டிக்குப் போங்கள். பெட்டி சீக்கிரம் சூடாகும், ஆறத்தான் நேரமாகும்.